'சரி, 600' என்று எழுதியது யார்?

"மாட்டுத்தாவணி பூ வியாபாரி அனுப்பின வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட் இது. மேலே பேரை அடிச்சிட்டார். மல்லி கிலோவுக்கு 'சரி, 600'ன்னு இருக்கு. அதை எழுதினது என் தம்பியா, வியாபாரியா?"

அண்ணே, அது வியாபாரி எழுதினதுதான்.

வலது பக்கப் பச்சைப் பெட்டி, படம் எடுத்த போன்காரர் எழுதினது. டிக் குறியும் அந்தப் பக்கம் மட்டும்தான் விழும். இடது பக்க வெள்ளைப் பெட்டி எதிராளி. ஆனா ஒரு சிக்கல் இருக்கு. உங்களுக்குப் படத்தை அனுப்பினவர்தான் அதை எடுத்தார்னு சொல்ல முடியாது. அப்படி நினைச்சா, இடது பக்கம் இருக்கிற 'சரி, 600' தம்பி தலையில விழும்.

அதுக்குக் கீழே இருக்கிற வெள்ளைப் பெட்டியைப் பாருங்க. உள்ளே ஒரு பழைய செய்தியை மேற்கோள் காட்டியிருக்கு: 'பறிக்கிற கூலியே 150 ஆகுதுண்ணே'. அது மேலே 'நீங்கள்'னு இருக்கு, அதை அடிக்க மறந்துட்டாங்க. 'நீங்கள்'ங்கிறது போன்காரரைத்தான் குறிக்கும். பறிகூலியைச் சொல்றது பூ விக்கிற தோட்டக்காரர், அதாவது உங்க தம்பிதானே? அப்போ படம் உங்க தம்பி போன்ல எடுத்தது. இடது பக்கம் முழுக்க வியாபாரி.

இது ரெண்டு பேர் மட்டும் பேசினதால சரியா வருது. குழுவா இருந்தா இடது பக்கம் பல பேர் இருப்பாங்க. ஸ்கிரீன்ஷாட்டை மாத்தவும் முடியும். அதனால தம்பி போன்ல அதே உரையாடலைத் திறந்து, நேரத்தையும் வரிசையையும் ஒப்பிட்டுப் பார்த்துட்டு வியாபாரிகிட்ட பேசுங்க.