அறுவது மேல் நூலா, பாபின் நூலா? இரட்டை ஊசி பற்றிய கேள்வி-பதில்

சுங்கை சிப்புட்டில் என் தையல் வகுப்புக்கு வருகிறவர்களும், சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து எழுதிக் கேட்கிறவர்களும் இந்த மாதம் கிட்டத்தட்ட ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருக்கிறார்கள். டீ-சட்டை, லெக்கிங்ஸ் மாதிரி இழுத்தால் நீளும் துணியை இரட்டை ஊசியில் மடித்துத் தைக்கிறோம். போட்டுக் கழற்றினால் ‘பட் பட்’ என்று நூல் அறுகிறது. முதல் கடிதத்துக்கு மட்டும் விரிவாகப் பதில் சொல்கிறேன். மற்ற பாதிக் கேள்விகளுக்கு அதிலேயே விடை இருக்கிறது.

கோயில் திருவிழா நடனத்துக்குப் பிள்ளைகளுக்கு லெக்கிங்ஸ் தைத்தேன். கணுக்கால் மடிப்பு இரட்டை ஊசித் தையல்தான். முதல் முறை காலை நுழைத்ததுமே அறுந்துவிட்டது. நல்ல பாலியெஸ்டர் நூல்தான் போட்டேன். என்ன தப்பு?
(தோட்டத்து வாசகி)

நீங்கள் கொடுத்தனுப்பிய லெக்கிங்ஸைத் திருப்பிப் பார்த்தேன். மேலே இருக்கும் இரண்டு வரிசையும் அப்படியே இருக்கிறது. அறுந்தது உள்பக்கம் இருக்கும் பாபின் நூல், அதுவும் இரண்டு இடத்தில். இந்தத் தையலில் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும்.

காரணம் எளிது. மேலே ஊசி இரண்டு, நூலும் இரண்டு. கீழே பாபின் ஒன்றுதான். அந்த ஒற்றை நூல் இரண்டு வரிசைக்கும் நடுவே வளைந்து வளைந்து ஓடி இரண்டையும் கட்டிப் பிடிக்கிறது. மடிப்பு இழுபடும்போது அந்த வளைவு நிமிர்ந்து கொடுப்பதால்தான் தையலும் நீளுகிறது. பாபின் நூலை மெஷின் இறுக்கிப் பிடித்திருந்தால் வளைவு ஏற்கெனவே நிமிர்ந்துபோயிருக்கும். துணி இழுபடும்போது கொடுக்க அதனிடம் ஒன்றும் மிச்சம் இருக்காது, அறுந்துவிடும். எவ்வளவு கெட்டியான நூல் போட்டாலும் இதே கதைதான்.

அடுத்து, உங்கள் மடிப்பு எவ்வளவு நீள வேண்டும் என்று அளந்தேன். தைத்து முடித்த கணுக்கால் சுற்று 20 செ.மீ. அது குதிகாலைத் தாண்ட வேண்டும். பிள்ளையின் குதிகாலையும் பாதத்தின் மேல்பக்கத்தையும் சேர்த்துச் சுற்றி அளந்தால் 27 செ.மீ என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 20 செ.மீ தையல் குறைந்தது 28 வரையாவது போக வேண்டும். டீ-சட்டையின் கீழ் மடிப்புக்கு இந்தச் சோதனை கிடையாது, அது இடுப்பைச் சுற்றிச் சும்மா தொங்குகிறது. கணுக்காலும் கழுத்தும்தான் கடினமான இடங்கள்.

நீங்கள் சேர்த்து அனுப்பிய மிச்சத் துணியில் நீளும் திசையில் பட்டைகள் வெட்டி, உண்மையான மடிப்பு மாதிரியே மடித்துத் தைத்து, 20 செ.மீ குறித்துக்கொண்டு, அடிக்கோல் பக்கத்தில் வைத்து இழுத்துப் பார்த்தேன். உங்கள் அமைப்பிலேயே (மேல் டென்ஷன் 5, தையல் நீளம் 2.5) தைத்தபோது 23-ல் அறுந்தது. மேல் டென்ஷனை 3-க்கு இறக்கினேன். 25 வரை போனது. கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் சிக்கல் கீழே இருப்பதால் மேலே தளர்த்தினால் ஓரளவுதான் உதவும். அப்புறம் பாபின் கேஸில் இருக்கும் சின்ன ஸ்குருவைக் கால் சுற்று தளர்த்தினேன், 27. கடைசியாக, பாபினில் மட்டும் வூலி நைலான் நூல் போட்டேன். ஓவர்லாக் மெஷினுக்கு விற்கும் நூல்தான், பஞ்சு மாதிரி உப்பியிருக்கும், இழுத்தால் தானே நீளும். இப்போது 31 வரை இழுத்தேன். அங்கே துணியே நின்றுவிட்டது, நூல் அறவில்லை.

நீங்களும் இதே வரிசையில் செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எது உதவியது என்று தெரியும்.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. முதலாவது அந்த ஸ்குரு. அது மிகச் சிறியது, கழன்று விழுந்தால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு துண்டை விரித்து அதன் மேல் வைத்துத் திருப்புங்கள். திருப்புவதற்கு முன் அதன் வெட்டு எந்தப் பக்கம் நிற்கிறது என்று மார்க்கரால் ஒரு புள்ளி வையுங்கள். சாதாரணத் துணி தைக்கும்போது பழைய இடத்துக்கே கொண்டுவர வேண்டும் அல்லவா? மேலிருந்து பாபின் போடும் மெஷின் என்றாலும் கேஸில் ஸ்குரு இருக்கும். அடிக்கடி இந்த வேலை வருகிறவர்கள் இரண்டாவது கேஸ் ஒன்று வாங்கித் தளர்த்தியே வைத்துக்கொள்ளலாம். என் மேசையில் அப்படி ஒன்று இருக்கிறது. அதிகம் தளர்த்திவிட்டால் மடிப்பின் வெளிப்பக்கத்தில் பாபின் நூல் புள்ளி புள்ளியாக எட்டிப் பார்க்கும். அதைக் கண்டால் கொஞ்சம் திரும்ப இறுக்குங்கள்.

இரண்டாவது, வூலி நைலானை மெஷினில் சுற்றாதீர்கள், கையால் சுற்றுங்கள். மெஷின் அதை இழுத்துக்கொண்டே சுற்றும். நீண்ட நிலையிலேயே தையலுக்குள் போய், பிறகு சுருங்கி மடிப்பையே சுருக்கிவிடும். தளர்வாக, பாபினில் முக்கால் பங்கு சுற்றினால் போதும். நைலான் அதிகச் சூட்டில் உருகும், அதனால் இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில் வைத்துத் தேயுங்கள்.

மெல்லிய லைக்ரா சட்டையில் இரண்டு வரிசைக்கும் நடுவே துணி குழாய் மாதிரி எழும்புகிறது. ஊசி சரியில்லையா?
(ஈப்போ வாசகி)

நூல் அறுவதும் இந்தக் குழாயும் பெரும்பாலும் ஒரே காரணத்தால் வருகின்றன. இறுகிய பாபின் நூல் இரண்டு வரிசையையும் ஒன்றை நோக்கி ஒன்று இழுக்கிறது, நடுவில் சிக்கிய துணிக்கு மேலே எழும்புவதைத் தவிர வழியில்லை. கெட்டித் துணி அதை எதிர்த்து நிற்கும், மெல்லிய துணியால் முடியாது. ஆகவே முதலில் மேலே சொன்னபடி தளர்த்திப் பாருங்கள்.

ஊசிக்கும் இதில் பங்கு உண்டு. பாக்கெட்டில் 4.0/75 என்று போட்டிருந்தால், முதல் எண் இரண்டு ஊசிக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் என்பது, இரண்டாவது எண் ஊசியின் பருமன். இடைவெளி அகலமானால் கீழே அதிக நூல் கிடக்கும், தையல் நன்றாக நீளும். ஆனால் எழும்பும் துணியும் அதிகமாகும். உங்கள் மெல்லிய லைக்ராவுக்கு 2.5/75 எடுங்கள். அதிலும் எழும்பினால், நீளக்கூடிய ஒட்டுத்துணியை ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி மடிப்பின் உள்ளே ஒட்டுங்கள். அதன் நீளும் திசையும் துணியின் நீளும் திசையும் ஒன்றாக இருக்க வேண்டும். சட்டைக் காலருக்குப் போடும் நீளாத கேன்வாஸை ஒட்டினால் குழாய் போய்விடும், ஆனால் கழுத்து தலைக்குள் நுழையாது.

இடது வரிசை நன்றாக விழுகிறது, வலது வரிசையில் தையல் விட்டு விட்டுப் போகிறது.
(கோலகங்சார் வாசகி)

பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள். ‘ஸ்ட்ரெச்’ என்று எழுதியிருக்கிறதா? சாதாரண இரட்டை ஊசியின் கூர்முனை நீளும் துணியின் இழையைக் குத்துகிறது. ஊசி மேலே வரும்போது துணியும் அதோடு ஒட்டிக்கொண்டு எழும்புவதால், நூல் கண்ணி போட முடியாமல் கொக்கி வெறுமனே கடந்துவிடும். ஸ்ட்ரெச் ஊசியின் முனை சற்று உருண்டது, இழைகளை விலக்கிக்கொண்டு இறங்கும்.

ஊசி சரிதான் என்றால் நூல் கோத்த விதத்தைப் பாருங்கள். இரண்டு நூலும் சேர்ந்தே கீழே வரலாம், ஆனால் ஊசிக்குச் சற்று மேலே இருக்கும் கடைசிக் கொக்கியில் ஒரு நூலை மட்டும் மாட்டிவிட்டு மற்றதை வெளியே விடுங்கள். இரண்டு நூல்கண்டும் எதிரெதிர்த் திசையில் சுழலும்படி வைத்தால் முறுக்கிக்கொள்ளாது. இரண்டும் சரியாக இருந்தும் விட்டு விட்டுப் போனால் ஊசியை மாற்றுங்கள். வெளியே தெரியாத அளவு வளைந்த ஊசியும் இப்படித்தான் செய்யும்.

அம்மாவின் பழைய கறுப்பு மிதி மெஷினில் இரட்டை ஊசி போடலாமா?
(சுங்கை சிப்புட், தோட்டத்து வீட்டு வாசகி)

முடியாது. உங்கள் மெஷினில் நூலைப் பக்கவாட்டில் கோக்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் இரட்டை ஊசியை மாட்டினால் இரண்டு முனையும் பக்கம் பக்கமாக நிற்காது, முன்னும் பின்னுமாக நிற்கும். தகட்டில் இருக்கும் ஒற்றைத் துளையில் மோதி உடைந்துவிடும். முன்பக்கத்திலிருந்து நூல் கோக்கும், ஜிக்ஜாக் தைக்கும், தகட்டில் நீண்ட துளை உள்ள மெஷின்தான் இதற்கு வேண்டும்.

அம்மாவின் மெஷினில் டீ-சட்டையின் கீழ் மடிப்பைத் தாராளமாகத் தைக்கலாம். ஒற்றை ஸ்ட்ரெச் ஊசி போட்டு, தையலைக் கொஞ்சம் பொடியாக வைத்து, மேல் டென்ஷனையும் இறக்கி, துணியைப் பாதத்துக்கு முன்னும் பின்னும் பிடித்து மிக லேசாக இழுத்தபடி தையுங்கள். பொடித் தையலில் ஒவ்வொரு அங்குலத்திலும் அதிக நூல் இறங்குவதால் கொஞ்சம் கொடுக்கும். லெக்கிங்ஸ் கணுக்காலுக்கு இது தாங்காது, அதைத் தைக்க ஜிக்ஜாக் இருக்கும் மெஷினைக் கடன் கேளுங்கள்.

மெஷின் புதிது, ஜிக்ஜாக்கும் உண்டு. இரட்டை ஊசி மாட்டி மிதித்த உடனே உடைந்தது.

நேர்த்தையலை, அதுவும் ஊசி நடுவில் நிற்கும் நேர்த்தையலைத் தேர்ந்தெடுக்கவில்லை என்று நினைக்கிறேன். ஜிக்ஜாக்கில் இருந்தால் வெளிப்பக்க ஊசி தகட்டில் அடிக்கும். முதல் இரண்டு மூன்று தையலைக் கைச்சக்கரத்தைச் சுற்றியே போட்டுப் பாருங்கள். எங்காவது இடித்தால் ஊசி உடைவதற்கு முன்பே கையில் தெரியும்.

இரட்டை ஊசித் தையலைப் பிரிக்க ஒரு மணி நேரம் ஆகிறது, துணியிலும் ஓட்டை விழுகிறது.
(வகுப்பில் கேட்டது)

மேல் நூலைத் தொடாதீர்கள். உள்பக்கம் திருப்பி, வளைந்து ஓடும் பாபின் நூலை ஐந்தாறு தையலுக்கு ஒரு தரம் பிரிப்பானின் நுனியால் வெட்டிக்கொண்டே போங்கள். பிறகு வெளிப்பக்கம் திருப்பி, ஒரு மேல் நூலின் நுனியைப் பிடித்து மெதுவாக இழுத்தால் பிடிப்பு இல்லாமல் நீளமாக உருவி வரும், அடுத்ததும் அப்படியே வரும். மிச்சமிருக்கும் பாபின் துண்டுகளை ஒட்டு டேப்பால் எடுத்துவிடலாம். மறுபடி தைப்பதற்கு முன் அந்த இடத்தில் லேசாக ஆவி காட்டுங்கள், ஊசித் தடம் பெரும்பாலும் மூடிக்கொள்ளும்.