பட்டுப் பாவாடையில் மெழுகு, அகல் எண்ணெய்க் கறை

"கார்த்திகை தீபத்தன்று மகளின் பட்டுப் பாவாடையில் மெழுகுவர்த்தி உருகிக் கொட்டிவிட்டது. பக்கத்திலேயே அகல் எண்ணெயும் பட்டிருக்கிறது. வெந்நீரில் அலசலாமா?"

வெந்நீர் வேண்டாங்க. மெழுகு உருகி இன்னும் பரவும், பட்டும் கெடும். ஐஸ் கட்டிகளைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கறைமேல் பத்து நிமிடம் வையுங்கள். நேரடியாக வைத்தால் பட்டில் தண்ணீர்த் தடம் விழும். மெழுகு இறுகியதும் ஸ்பூன் விளிம்பால் மெதுவாகப் பெயர்த்தெடுங்கள். ஜரிகைமேல் மட்டும் சுரண்டாதீர்கள், இழை பிரிந்துவிடும்.

நூலுக்குள் இறங்கிய மெழுகுக்குத்தான் சூடு. துணிக்கு மேலும் கீழும் டிஷ்யூ பேப்பர் வைத்து (செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும்), நீராவி இல்லாமல் மிகக் குறைந்த சூட்டில் சில விநாடிகள் அயர்ன் பாக்ஸை அழுத்துங்கள். பேப்பரில் எண்ணெய்ப் பசை போலத் தடம் தெரிந்தால் மெழுகு ஏறுகிறது என்று அர்த்தம். ஒவ்வொரு முறையும் புதுப் பேப்பர் மாற்றுங்கள். தடம் விழாதபோது நிறுத்திவிடலாம்.

அகல் எண்ணெய் இதில் முழுதாகப் போகாது. துணி ஆறியதும் அந்த இடத்தில் டால்கம் பவுடரைத் தூவி, இரவு முழுக்க விட்டு, காலையில் மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். அப்புறம் கலர் மெழுகுவர்த்தி என்றால் சாயம் தங்கும்; அதைத் தேய்க்காமல் டிரை கிளீனிங்குக்குக் கொடுத்துவிடுங்கள், என்ன கறை என்று சொல்லியே கொடுங்கள்.