நின்றால் கொதிக்கிறது, ஓடினால் தணிகிறது: சுற்றாத ரேடியேட்டர் ஃபேன் பற்றிக் கேள்வி பதில்

காவேரிப்பட்டணத்திலிருந்து: ஐயா, என்னுடையது 11 வருடப் பழைய பெட்ரோல் கார். கிருஷ்ணகிரி டோல்கேட்டில் வரிசையில் நின்றால் ஹீட் முள் ஏறுகிறது, வண்டி ஓடத் தொடங்கினால் இறங்குகிறது. ரேடியேட்டர் ஃபேன் சுற்றி நான் பார்த்ததே இல்லை. நிற்கும்போது ஏசியும் குளிர்வதில்லை. சென்சாரை மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

இப்போதைக்கு வாங்க வேண்டாம். உங்கள் கேள்வியின் கடைசியில் போகிற போக்கில் சொன்ன ஏசி விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரே ஃபேன் உள்ள சிறிய கார்களில் அந்த ஃபேனுக்கு இரண்டு இடங்களிலிருந்து கட்டளை வரும்: கூலண்ட் சூடானால் சென்சார் வழியாக ஒன்று, ஏசி போட்டால் மற்றொன்று. சென்சார் மட்டும் கெட்டிருந்தால், சூட்டுக்குச் சுற்றாத ஃபேன் ஏசிக்காவது சுற்றியிருக்க வேண்டும். உங்கள் வண்டியில் இரண்டுக்குமே சுற்றவில்லை என்றால், இரண்டு கட்டளைகளுக்கும் பொதுவான பாதையில், அதாவது ஃபியூஸ், ரிலே, மோட்டார், எர்த் ஆகிய நான்கில் எங்கோ பழுது இருக்கிறது.

வண்டி முழுவதும் ஆறியிருக்கும் காலை நேரத்தில் எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஏசியைப் போட்டு, பானட்டைத் திறந்து பாருங்கள். ஃபேன் சும்மா நின்றால் முதலில் ஃபியூஸ், அடுத்து ரிலே என்று போங்கள். கையை மட்டும் ஃபேன் பக்கம் கொண்டு போகாதீர்கள். சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் அது திடீரென்று சுற்றத் தொடங்கும்.

ஊத்தங்கரையிலிருந்து: இதற்கெல்லாம் ஏன் இவ்வளவு சோதனை அண்ணா? தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போட்டுவிட்டால் வண்டி ஹீட்டே ஆகாது. எங்கள் ஊரில் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

பாதி சரிதான், தம்பி. ஃபேன் சுவிட்ச் ரேடியேட்டரிலேயே பொருத்தப்பட்டிருக்கும் பழைய கார்களில், தெர்மோஸ்டாட் மூடியபடி இறுகிக்கொண்டால் எஞ்சினுக்குள் தண்ணீர் கொதிக்கும், ரேடியேட்டரோ ஆறியே கிடக்கும். ரேடியேட்டருக்குச் சூடு வந்து சேராததால் சுவிட்சும் ஃபேனை ஓட்டாது. அந்த வண்டிகளில் ஃபேன் மேல் எந்தக் குற்றமும் இல்லை. முள் மேலே ஏறியிருக்கும்போது மேல் ஹோஸ் சுட, கீழ் ஹோஸ் குளிர்ந்திருந்தால் அந்தச் சந்தேகம் சரி. புது வால்வு போட வேண்டும்.

ஆனால் வால்வையே கழற்றிவிட்டால் நெடுஞ்சாலையில் எஞ்சின் தேவையான சூட்டுக்கு வராமல் பெட்ரோலைக் குடிக்கும். டோல்கேட்டில் நிற்கும்போதோ காற்றை இழுக்க ஃபேன் இல்லாமல் தண்ணீர் எவ்வளவு ஓடினாலும் சூடு ஏறத்தான் செய்யும்.

பென்னாகரத்திலிருந்து: என் பழைய ஜீப்பில் ஃபேன் நிற்பதே இல்லை, ஸ்டார்ட் செய்ததிலிருந்து சுற்றுகிறது. ரிலே ஒட்டிக்கொண்டதா?

உங்களுடையது எஞ்சினோடு பெல்ட்டில் சுற்றும் ஃபேன். அதற்கு ரிலேயும் இல்லை, ஃபியூஸும் இல்லை. சுற்றட்டும், விட்டுவிடுங்கள்.

காவேரிப்பட்டணத்திலிருந்து மீண்டும்: ஐயா, நீங்கள் சொன்னபடி பார்த்தேன். ஏசிக்கும் சுற்றவில்லை. 30 ஆம்பியர் ஃபியூஸைக் கழற்றிப் பார்த்தேன், அறுபடவில்லை. ஹார்ன் ரிலேயும் அதே எண் என்பதால் அதை மாற்றிப் போட்டும் பயன் இல்லை. ரிலே சாக்கெட்டில் மல்டிமீட்டர் 12.4 வோல்ட் காட்டுகிறது. அப்படியானால் மோட்டார்தானே போய்விட்டது?

ரிலேயை மாற்றிப் பார்த்தது நல்ல வேலை. ஆனால் அந்த 12.4 வோல்ட்டை நம்பி மோட்டாருக்குப் பணம் கட்ட வேண்டாம். மல்டிமீட்டர் கரண்ட்டை ஏறக்குறைய எடுப்பதே இல்லை. ஒயரில் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும், ஃபியூஸ் கால் கருகி நுனி மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும், அது முழு வோல்ட்டைக் காட்டிவிடும். மோட்டார் 10 ஆம்பியர் கேட்கும்போதுதான் அந்த இணைப்பின் உண்மை நிலை வெளியே வரும்.

ஆகவே பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ரிலேயைக் கழற்றினால் அதன் அடியில் 30, 85, 86, 87 என்று கால்களின் எண்கள் இருக்கும். அதைப் பார்த்துச் சாக்கெட்டில் 30 எந்தத் துளை என்று கண்டுபிடித்து, பல்பின் ஒரு ஒயரை அதிலும் மற்றொன்றைப் பேட்டரியின் நெகட்டிவிலும் வையுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்தால் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக ரிலே வரையிலான பாதை நன்றாக இருக்கிறது. மங்கலாக எரிந்தாலோ எரியாமலே இருந்தாலோ பழுது பேட்டரிக்கும் ரிலேக்கும் நடுவில் இருக்கிறது.

பளிச்சென்று எரிந்தால் அடுத்ததாக 30-ஐயும் 87-ஐயும் ஃபியூஸ் வைத்த ஒரு தடித்த ஒயரால் இணையுங்கள். ஃபேன் சுற்றினால் மோட்டாரும் அதன் எர்த்தும் சரி, ரிலேக்குக் கட்டளை வரவில்லை என்று பொருள். சுற்றாவிட்டால் மோட்டாரின் கப்ளரையும் எர்த்தையும் பாருங்கள். ரிலே சாக்கெட் பாதையின் நடுவில் நிற்பதால்தான் நான் எப்போதும் அங்கிருந்து தொடங்குகிறேன். ஒரே சோதனையில் பாதி வண்டி சந்தேகத்திலிருந்து விலகிவிடும்.

ஓசூரிலிருந்து (இவரும் ஆட்டோ எலக்ட்ரீஷியன்): ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். இரண்டு வேகத்தில் சுற்றும் ஃபேன்களில் குறைந்த வேகத்துக்கான ரெசிஸ்டர் எரிந்துவிட்டால், முதல் கட்டத்தில் ஃபேன் வராது. சூடு மிகவும் ஏறிய பிறகு அதிக வேகத்தில் மட்டும் வரும். பயந்துபோய் எஞ்சினை முன்பே அணைத்துவிடுகிறவர், “ஃபேன் வரவே வராது” என்றுதான் சொல்வார்.

உண்மை. நான் அதைச் சொல்லாமல் விட்டது தவறு. ஏசி போட்டதும் சுற்ற வேண்டியதும் பெரும்பாலும் அந்தக் குறைந்த வேகம்தான் என்பதால், ஏசி சோதனையை மட்டும் வைத்து இரண்டு வேக ஃபேனுக்குத் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

தருமபுரியிலிருந்து: ஐயா, எங்கள் காரில் ஏசிக்கு ஃபேன் சுற்றுகிறது, சூட்டுக்குச் சுற்றவில்லை. மீட்டரில் முள் சரியாகத்தான் ஏறுகிறது, அதனால் சென்சார் நன்றாக இருக்கிறது என்று மெக்கானிக் சொல்கிறார்.

அம்மா, சில கார்களில் மீட்டர் முள்ளுக்கு ஒரு சென்சாரும் எஞ்சினின் கம்ப்யூட்டருக்கு வேறொன்றும் இருக்கும். முள் ஏறுவதை வைத்து மற்றதற்குச் சான்றிதழ் கொடுக்க முடியாது.

கம்ப்யூட்டருக்குப் போகும் சென்சாரின் கப்ளரைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். சென்சார் அறுந்துவிட்டது என்று எண்ணி, பாதுகாப்புக்காகப் பல கார்களின் கம்ப்யூட்டர் உடனே ஃபேனை ஓட்டும். அப்படிச் சுற்றினால் கம்ப்யூட்டர், ரிலே, மோட்டார் எல்லாம் சரி. எஞ்சின் விளக்கு எரிந்து, ஸ்கேனரில் P0118 என்று வரக்கூடும். அதைப் பிறகு அழித்துக்கொள்ளலாம்.

பிறகு சென்சாரை ஆறிய வண்டியிலிருந்து கழற்றி, சுடவைத்த தண்ணீரில் அதன் நுனியை நனைத்து, மல்டிமீட்டரை ஓமில் வைத்து அளக்கலாம். பல கார்களில் அறை வெப்பத்தில் 2,000 ஓமுக்குச் சற்று மேலே இருப்பது, 80 டிகிரியில் 300 ஓம் அளவுக்கு இறங்கும். இறங்கும்போது நடுவில் நிற்காமலும் குதிக்காமலும் இறங்க வேண்டும் என்பதுதான் எண்ணைவிட முக்கியம். நம் பக்கத்தில் ரேடியேட்டருக்குப் போர்த் தண்ணீரையே ஊற்றிப் பழகியவர்களின் சென்சார் நுனியில் வெள்ளைப் பொருக்கு, முட்டை ஓடு போலப் படிந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பொருக்குக்குள் சூடு தாமதமாகத்தான் போய்ச் சேரும்.

தருமபுரியிலிருந்து மீண்டும்: கப்ளரைக் கழற்றினால் ஃபேன் சுற்றுகிறது ஐயா. ஆனால் சென்சார் போன வாரம்தான் புதிதாகப் போட்டது. அதே நாளில் கூலண்டும் மாற்றினார்கள்.

அப்படியென்றால் கூலண்ட் மாற்றியபோது உள்ளே காற்று அடைத்துக்கொண்டதோ என்று பார்க்க வேண்டும். சென்சாரின் நுனி தண்ணீரில் இல்லாமல் காற்றுக் குமிழில் தொங்கினால், எஞ்சின் கொதித்தாலும் அதற்குச் சரியான சூடு தெரியாது. முன்சக்கரம் மேடாக இருக்கும்படி வண்டியை நிறுத்தி, ஆறிய நிலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, ஹீட்டரைச் சூட்டில் வைத்து எஞ்சினை ஓடவிட்டு, குமிழி நிற்கும் வரை கூலண்டை ஊற்றிக்கொண்டே வரச் சொல்லுங்கள். சூடாக இருக்கும்போது மூடியை யாரும் தொடக்கூடாது. இதற்குப் பிறகும் சுற்றாவிட்டால் புதுச் சென்சாரும் கெட்டதாக இருக்கலாம். அளந்த ஓம் எண்ணை எழுதுங்கள்.

பாலக்கோட்டிலிருந்து: சுவிட்ச் வைத்து டைரக்டாகக் கொடுத்துவிட்டால் என்ன?

வீடு போய்ச் சேரும் வரை கொடுக்கலாம், ஃபியூஸோடு. ஆனால் டாஷ்போர்டில் வைக்கும் சிறு சுவிட்ச் அந்தக் கரண்ட்டைத் தாங்காமல் உருகும். போட மறந்த நாளில் எஞ்சின் ஹெட் வளையும்.

காவேரிப்பட்டணத்திலிருந்து மூன்றாம் முறை: பல்பு செம்மஞ்சளாக, மங்கலாகத்தான் எரிந்தது ஐயா. ஃபியூஸ் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் அந்த ஃபியூஸின் ஒரு கால் உட்காரும் இடம் பழுப்பேறி, பிளாஸ்டிக் குழைந்திருக்கிறது. புது டெர்மினல் போட்டால் ஃபேன் சுற்றுகிறது. முடிந்ததா?

முக்கால்வாசி முடிந்தது. அந்தக் கால் ஏன் சூடானது என்று கேட்காமல் விட்டால் ஆறு மாதத்தில் மீண்டும் கருகும். இடம் தளர்ந்ததாலும் இருக்கலாம், மோட்டார் அதிகக் கரண்ட் இழுப்பதாலும் இருக்கலாம். டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டரை ஃபேன் ஒயரில் மாட்டிப் பாருங்கள். போன வருடம் இதே போல வந்த ஒரு வண்டியில் 12 ஆம்பியருக்குள் ஓட வேண்டிய மோட்டார் 22 ஆம்பியர் இழுத்தது. அதன் புஷ் தேய்ந்து, கையால் சுற்றினாலே கரகரத்தது. 30 ஆம்பியர் ஃபியூஸ் 22-க்கு அறுபடாது, ஆனால் தளர்ந்த காலில் அந்த 22 போதும் பிளாஸ்டிக்கை உருக்க. பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு உங்கள் ஃபேனையும் கையால் சுற்றிப் பாருங்கள். அறுபடாமல் இருக்கட்டும் என்று 40 ஆம்பியர் ஃபியூஸ் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து: டாக்ஸி ஓட்டுகிறேன் அண்ணா. மூன்று நாளைக்கு ஒரு முறைதான் ஃபேன் வராமல் போகிறது. கடைக்குக் கொண்டு போனால் நன்றாகச் சுற்றுகிறது.

இப்படி விட்டுவிட்டு வரும் பழுதை இங்கிருந்து சொல்ல முடியாது, தம்பி. பிரஷ் தேய்ந்த மோட்டாரும் இப்படிச் செய்யும், வெடிப்பு விட்ட ரிலே சால்டரும் இப்படிச் செய்யும். மோட்டார் கப்ளரின் பாசிட்டிவ் ஒயரிலிருந்து 1 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக ஒரு மெல்லிய ஒயரை உள்ளே இழுத்து, டாஷ்போர்டில் ஒரு சிறு 12 வோல்ட் பல்பை வைத்து, அதன் மறுமுனையைப் பாடியில் எர்த் கொடுங்கள். முள் ஏறும்போது வண்டியை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைப்பதற்கு முன் அந்தப் பல்பைப் பாருங்கள். எரிந்தும் ஃபேன் சுற்றாவிட்டால் மோட்டார் அல்லது அதன் எர்த். எரியாவிட்டால் ரிலேயிலிருந்து பின்னோக்கிப் பார்க்க வேண்டும். எது என்று தெரிந்த அன்று எழுதுங்கள், அங்கிருந்து தொடரலாம்.