ஒன்பது வயதில் இவ்வளவு உயரமா?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது, உயரம் 139 செ.மீ. பேச்சும் தாமதமாகத்தான் வந்தது. குரோமோசோம் பரிசோதனையில் '47,XYY' என்று வந்திருக்கிறது. கணவர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். அவர் உயரம் 172 செ.மீ., நான் 158 செ.மீ. இது யார் வழியில் வந்தது? வளர்ச்சியை நிறுத்த ஊசி உண்டா? முரடனாகிவிடுவான் என்கிறார்களே?
– ஒரு தாய், மண்டபம்

பதில்: ஊசி தேவையில்லை, சகோதரி. கணவர் வழி, உங்கள் வழி என்று யாரும் பழி சுமக்கவும் வேண்டாம். '47,XYY' என்றால், வழக்கமான 46 குரோமோசோம்களோடு ஒரு ஒய் குரோமோசோம் கூடுதலாக இருக்கிறது என்று பொருள். விந்தணு உருவாகும்போது நடக்கும் செல் பிரிதலில் ஒய் குரோமோசோம் தற்செயலாக இரண்டாகச் சேர்ந்துவிட்டது. ஏறத்தாழ ஆயிரம் ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இப்படி நேர்கிறது.

உயரத்துக்குக் காரணம் 'ஷாக்ஸ்' என்ற மரபணு. கை, கால் எலும்புகளின் நுனியிலுள்ள வளர்ச்சிப் பகுதியில் அது வேலை செய்கிறது. எக்ஸில் ஒன்று, ஒய்யில் ஒன்று என்று மற்றப் பையன்களுக்கு இரண்டு பிரதிகள். உங்கள் மகனுக்கு மூன்று. பிறக்கும்போது இந்தக் குழந்தைகள் மற்றவர்களைப் போலத்தான் இருப்பார்கள். பள்ளிக்குப் போகும் வயதில்தான் நெடுநெடுவென்று வளரத் தொடங்குவார்கள். பெரியவனானதும் குடும்ப உயரத்தைவிடச் சராசரியாக 7 செ.மீ. அளவு கூடுதலாக இருப்பார்கள். உங்கள் இருவர் உயரத்தையும் கூட்டி, 13 சேர்த்து, பாதியாக்கினால் வரும் குடும்ப உயரம் 171.5 செ.மீ.; மகன் அதைத் தாண்டுவான் என்று எதிர்பார்க்கலாம்.

ஆனால் குரோமோசோம் முடிவு கையில் இருப்பதாலேயே உயரம் முழுவதையும் அதன் கணக்கில் எழுதிவிடக் கூடாது. பருவ வயதுக்கு முன்பே பருவமடைந்தாலும் பையன் வேகமாக வளர்வான். அதில் எலும்பு சீக்கிரம் முதிர்ந்து வளர்ச்சி முன்னதாகவே நின்றுவிடும், கடைசியில் குள்ளமாகிவிடுவான். ஒய் கூடுதலாக உள்ள பையன்களுக்குப் பருவம் பெரும்பாலும் உரிய வயதில்தான் வரும். இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தால் எலும்பின் வயது தெரியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, செருப்பில்லாமல் சுவரில் நிறுத்தி அளந்து எழுதி வையுங்கள். இந்த வயதில் ஆண்டுக்கு 5, 6 செ.மீ. வளர்வது இயல்பு. அதைவிட மிக வேகமாக வளர்ந்தாலோ, குரல் உடைந்தாலோ, அக்குளில் முடி தென்பட்டாலோ உடனே காட்டுங்கள்.

முரடன் என்ற பேச்சு, 1965இல் ஸ்காட்லாந்தில் வன்முறை, குற்றப் போக்குள்ளவர்களை அடைத்துவைக்கும் மருத்துவமனை ஒன்றில் இருந்தவர்களைச் சோதித்த ஆய்விலிருந்து கிளம்பியது. அடைபட்டவர்களை மட்டும் பார்த்து எல்லோரையும் எடைபோட்டதுதான் பிழை. 1976இல் டென்மார்க்கில் பொதுமக்களிடையே உயரமான ஆண்களைத் தேடிப் பார்த்தபோது, இவர்கள் வன்முறைக்குச் சாய்ந்தவர்கள் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

எனக்கு உண்மையான கவலை வேறு. ஒன்பது வயதுப் பிள்ளை பதினொன்று போலத் தெரிகிறான். "இவ்வளவு வளர்ந்தும் வாசிக்கத் தெரியவில்லையா?" என்று கேட்டு ஊரே அவனைக் குறுக்கிவிடும். பேச்சிலும் வாசிப்பிலும் பின்தங்குவது இந்நிலையில் அடிக்கடி காணப்படுவது. அது சோம்பல் அல்ல. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் காட்டி, பேச்சுப் பயிற்சி, கற்றல் மதிப்பீடு இரண்டையும் கேளுங்கள். வகுப்பாசிரியரிடம் அவனுடைய பிறந்த தேதியை நீங்களே நேரில் சொல்லிவிட்டு வாருங்கள்.