ஒப்பந்தத்தில் வெறும் $ போதுமா?

"ஒரு பக்கத்தில் $250,000, இணைப்பில் SGD 250,000, எழுத்தில் 'இரண்டு லட்சத்து ஐம்பதாயிரம் டாலர்'. எதை மாற்றணும்?"

முதலில் எழுத்தைத் திருத்துங்கள். எண்ணும் எழுத்தும் முரண்பட்டால் பொதுவாக எழுத்துதான் நிற்கும். உங்கள் ஒப்பந்தத்தில் அந்த எழுத்திலேயே எந்த நாட்டு டாலர் என்று இல்லை. அமெரிக்கா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, கனடா எல்லாமே $ குறியைத்தான் பயன்படுத்துகின்றன.

எல்லா இடத்திலும் ஒரே வடிவம் வையுங்கள்:

```
SGD 250,000.00 (இரண்டு லட்சத்து ஐம்பதாயிரம் சிங்கப்பூர் டாலர்)
```

SGD என்பது சிங்கப்பூர் டாலருக்கு ISO 4217 என்ற சர்வதேசத் தரம் தரும் நாணயக் குறியீடு. வரையறைப் பகுதியில் அதன் பொருளை ஒருமுறை சொல்லிவிட்டு $ குறியை முழுவதும் நீக்கிவிடுங்கள். குறியீட்டுக்கும் எண்ணுக்கும் நடுவே Ctrl+Shift+Space அழுத்தினால், வேர்டில் அவை இரண்டு வரிகளாகப் பிரியாது.

அப்புறம், புள்ளியையும் கவனியுங்கள். குவைத் தினாருக்கு மூன்று தசம இடங்கள். KWD 12.500 என்றால் பன்னிரண்டரை தினார். புள்ளியை ஆயிரம் பிரிக்கப் பயன்படுத்தும் ஜெர்மானியர் அதைப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு என்று படிக்கலாம். யென்னுக்குத் தசமமே கிடையாது. கடைசியாக, கோப்பில் $ என்று தேடிப் பாருங்கள். இணைப்புகளில்தான் பெரும்பாலும் ஒன்றிரண்டு தப்பி நிற்கும்.