ஹால் ஏசி ஓடுகிறது, பெட்ரூம் ஏசி மட்டும் U4 காட்டுகிறது: கோளாறு எங்கே?

கேள்வி: ஒரே அவுட்டோர்ல ரெண்டு இன்டோர் போட்டிருக்கோம். ஹால்ல நல்லா குளிருது. பெட்ரூம்ல போட்ட கொஞ்ச நேரத்துல U4 வந்து நின்னுடுது. வந்த மெக்கானிக் முதல்ல கேஸ் கம்மின்னார், அப்புறம் அவுட்டோர் போர்டு போச்சுங்கறார். அவுட்டோர் போயிருந்தா ஹால் எப்படிங்க ஓடும்?

பதில்:

நான் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் ஏசி வேலை பார்க்கிறேன். உங்கள் சந்தேகம் நியாயமானது. ஆனால் மெக்கானிக் சொன்ன இரண்டில் ஒன்றைத்தான் உடனே தள்ள முடியும். கேஸ் காரணமில்லை. போர்டு காரணமாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதைச் சோதித்துத்தான் சொல்ல வேண்டும்.

அவுட்டோருக்குள் எது பொது, எது தனி என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கம்ப்ரசர், வெளி ஃபேன், கேஸ், கரண்ட் வருகிற வழி எல்லாம் இரண்டு அறைக்கும் பொது. ஒவ்வோர் அறைக்கும் தனியாக இருப்பவை: செம்புக் குழாய் ஜோடி, அந்தக் குழாய்க்குள் கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வு, குழாயின் வெப்பத்தைப் பார்க்கும் சென்சார், அப்புறம் அறைக்குப் போகிற ஒயர். நம்ம ஊரில் ஒரே மோட்டார் தண்ணீரை இரண்டு வயலுக்கு இரண்டு மடை வைத்துத் திறந்துவிடுகிற மாதிரிதான். மோட்டார் நின்றால் இரண்டு வயலும் காயும். ஒரு வயல் மட்டும் காய்ந்தால் அந்த மடையைப் போய்ப் பார்க்க வேண்டும்.

கேஸ் ஒரே சுற்று என்பதால் பெட்ரூமுக்கு மட்டும் கேஸ் கம்மி என்று ஒன்று கிடையாது. பெட்ரூம் குழாயில் கசிந்தாலும் ஹாலுக்கும் சேர்த்துத்தான் குறையும். ஒரு வால்வு திறக்காமல் மாட்டிக்கொண்டாலோ குழாய் எங்காவது நசுங்கியிருந்தாலோ ஓர் அறைக்கு மட்டும் கேஸ் போகாது; ஆனால் கேஸ் நிரப்பி அது சரியாகாது. எப்படியானாலும் U4 என்பது குளிர்ச்சியைப் பற்றிய எச்சரிக்கையே இல்லை. டைகின் ஏசியில், இன்டோரும் அவுட்டோரும் ஒன்றுக்கொன்று பேச முடியவில்லை என்றுதான் அந்த எரர் கோடு சொல்கிறது. வேறு கம்பெனியில் இதற்கு வேறு எழுத்து வரும்.

இப்போது போர்டு விஷயம். அவுட்டோர் போர்டு ஒன்றுதான் என்றாலும், A, B என்று ஒவ்வோர் அறைக்கும் அதில் தனி டெர்மினலும் தனித் தொடர்புப் பகுதியும் உண்டு. A ஹாலுக்கு, B பெட்ரூமுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடை மழை இடியில் B பகுதி மட்டும் போய், A நன்றாக ஓடுவது நடக்கிறதுதான். அதனால் "ஹால் ஓடுகிறதே, போர்டு நல்லதுதான்" என்று வாதாடினால் மெக்கானிக்கிடம் தோற்றுவிடுவீர்கள். ஒயர்களை இடம் மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏசி எம்சிபியை ஆஃப் செய்ய வேண்டும். போர்டில் உள்ள கெப்பாசிட்டரில் கரண்ட் நிற்கும் என்பதால் பத்து நிமிடம் விட்டு, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். இது மெக்கானிக் செய்கிற வேலை, நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். A-யில் இருக்கும் 1, 2, 3 ஒயர்களை B-க்கும், B-யில் இருப்பதை A-க்கும் வரிசை மாறாமல் மாற்றி, கரண்ட் கொடுத்து, இரண்டு இன்டோரையும் ஃபேன் மோடில் மட்டும் போட வேண்டும். கூலில் போடக் கூடாது. குழாய் பழைய இடத்திலேயே இருப்பதால் ஓர் அறை கேட்க, இன்னோர் அறையின் வால்வு திறக்கும். ஃபேன் மோடில் கம்ப்ரசர் ஓடாது, பேச்சு நடக்கிறதா என்று மட்டும் தெரியும்.

பெட்ரூம் சரியாகி ஹாலில் U4 வந்தால் போர்டின் B பகுதிதான் போயிருக்கிறது, மெக்கானிக் சொன்னது சரி. பெட்ரூமிலேயே U4 நின்றால் போர்டுக்குச் செலவு செய்யாதீர்கள். கோளாறு ஒயரிலோ பெட்ரூம் இன்டோர் போர்டிலோ இருக்கிறது.

போன கோடையில் எங்கள் பக்கம் ஒரு வீட்டில் இதே கதைதான். இடியோடு மழை பெய்த மறுநாள் பெட்ரூம் நின்றுவிட்டது. இடி விழுந்ததால் போர்டு போச்சு என்று முதலில் வந்தவர் விலையே சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஒயர்களை இடம் மாற்றினோம், U4 பெட்ரூமை விட்டு நகரவில்லை. அடுத்து பழைய கேபிளை இரண்டு முனையிலும் கழற்றிவிட்டு, அதே தடிமனில் புதிய கேபிள் ஒன்றைத் தரையோடு இழுத்து இன்டோரை அவுட்டோரோடு இணைத்தோம். கோடு வரவில்லை, பெட்ரூம் குளிர்ந்தது. இன்டோர் போர்டும் நல்லது என்று அதிலேயே தெரிந்தது.

அந்தப் பழைய கேபிளை மல்டிமீட்டரில் பார்த்தால் மூன்று கோரும் முழுசாகத்தான் காட்டியது. பலர் ஏமாறுகிற இடம் இதுதான். ஒயர் அறுந்திருக்கவில்லை, நனைந்திருந்தது. இரண்டு முனையும் கழற்றிய நிலையிலேயே ஒயர் உறையில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் 500 வோல்ட் மெகர் வைத்தபோதுதான் 2-க்கும் 3-க்கும் நடுவே கசிவு தெரிந்தது. 3-ம் ஒயரில்தான் தொடர்பு சிக்னல் ஓடுகிறது. அங்கே கசிந்தால் பேச்சு குழம்பிவிடும். (போர்டோடு இணைந்திருக்கும்போது மெகர் போட்டால் நல்ல போர்டும் போய்விடும்.) ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே கேபிள் நீளம் போதாமல் முறுக்கி டேப் சுற்றிய ஒரு ஜாயின்ட் இருந்தது, மொட்டை மாடி ஓட்டை வழியாக மழைத் தண்ணீர் அதுவரை இறங்கியிருந்தது. ஜாயின்டே இல்லாமல் ஒரே துண்டாகக் கேபிள் போட்டு, ஓட்டையை அடைத்தோம். அதனால் உங்கள் மெக்கானிக்கிடம் முதலில் கேட்க வேண்டியது, கேபிளில் ஜாயின்ட் இருக்கிறதா என்று.

கோடு எதுவும் வராமல் லைட் மட்டும் மின்னிக்கொண்டு ஓர் அறை சும்மா நிற்கிறதென்றால் அது வேறு சங்கதி. ஹீட்டிங் உள்ள மாடலில் அவுட்டோர் ஒரு நேரத்தில் ஒன்று குளிர்விக்கும், இல்லையென்றால் சூடாக்கும். ஹால் கூலில் ஓடும்போது பெட்ரூம் ரிமோட் ஹீட்டுக்குப் போயிருந்தால் பெட்ரூம் காத்திருக்கும். பாலக்காட்டில் யார் ஹீட்டர் போடுவார்கள் என்று கேட்பீர்கள். ஆட்டோ மோடில் விட்டு, மழை நாள் காலையில் அறை செட் செய்ததைவிடக் குளிர்ந்திருந்தால் அதுவே ஹீட்டுக்குப் போய்விடும். இரண்டு ரிமோட்டையும் கூலில் வைத்தால் சரியாகும்.

வேலை முடிந்ததும் ஒயரைப் பழையபடி மாட்டினார்களா என்று அவர் கிளம்புவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். இரண்டையும் சேர்த்து ஓட்டினால் தவறு தெரியாது, இரண்டு வால்வும் திறந்தே இருக்கும். பெட்ரூமை மட்டும் கூலில் போட்டு கால் மணி நேரம் விடுங்கள். பெட்ரூமில் வெறும் காற்று வந்து, ஆஃபில் இருக்கும் ஹால் யூனிட்டின் காயில் சில்லென்று ஆகித் தண்ணீர் சொட்டினால் A-யும் B-யும் மாறிக் கிடக்கிறது.