அமமா கர வர பய நன்றி

மேடம், நான் கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். ஹாஸ்டலில் தங்கியிருக்கிறேன். வார லீவுக்குத்தான் கோத்தகிரிக்குப் போவேன். வீட்டில் கணவர், மாமியார், ஒன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள். போன வாரம் நைட் டியூட்டியில் இருந்தபோது கணவர் எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ்: "அமமா கர வர பய நன்றி". பாப்பாதான் அனுப்பியிருக்கிறாள். 'பய' என்று பார்த்ததும் கை நடுங்கிவிட்டது. உடனே கூப்பிட்டேன். "ஒண்ணும் இல்ல, அவ தூங்கிட்டா, சும்மா தட்டியிருக்கா" என்றார். விடிந்ததும் "என்ன ஆச்சு, யாராவது திட்டினாங்களா, அடிச்சாங்களா, அம்மாகிட்ட சொல்லு" என்று நீளமாக எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. இதற்கிடையில் அவர் அந்த மெசேஜை ஸ்டேட்டஸில் வைத்துவிட்டார். சொந்தக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவள் எனக்கு எதுவும் அனுப்புவதில்லை. போனிலும் "ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்கிறாள். இப்படி அரைகுறையாக வரும் மெசேஜுக்கு என்ன பதில் போடுவது? எழுத்துப் பிழையைத் திருத்தலாமா? போனையே கொடுக்க வேண்டாம் என்கிறார் கணவர்.

– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த 'நன்றி'யை ஒதுக்கி வைத்துவிடுங்கள். அது உங்கள் மகள் எழுதியது இல்லை என்பது என் கணிப்பு. 'அமமா' என்பதில் புள்ளி இல்லை, 'நன்றி'யில் மட்டும் புள்ளி சரியாக இருக்கிறது. தட்டும்போது கீபோர்டுக்கு மேல் வரிசையாக முழுச் சொற்கள் வருமே, அதில் ஒன்றில் விரல் பட்டிருக்கும். குழந்தைகளின் மெசேஜைப் படிக்க இது நல்ல வழி: பிழையோடு இருப்பது அவர்கள் எழுதியது, பிழையே இல்லாமல் நிற்பது பெரும்பாலும் போன் எழுதியது. புள்ளியை விட்டதும் அவளுக்குப் புள்ளி தெரியாததால் என்று முடிவு கட்ட வேண்டாம். பல கீபோர்டுகளில் புள்ளியைத் தனியாகத் தட்ட வேண்டும். நோட்டில் சரியாகப் புள்ளி வைக்கிற குழந்தையும் போனில் விட்டுவிடும்.

மிச்சம் இருப்பது 'கர வர பய'. எழுதப் பழகும் குழந்தை ஒரு சொல்லின் முதல் ஓரிரு எழுத்தைப் போட்டுவிட்டு, முழுச் சொல்லையும் எழுதிவிட்டதாகவே நினைக்கும். அது வளர்ச்சியில் ஒரு படி, பயப்பட வேண்டியதில்லை. அவள் மனதில் முழு வாக்கியம் இருந்திருக்கிறது. நமக்கு வந்து சேர்ந்தது அதன் தலைகள் மட்டும்.

அந்த வாக்கியம் என்னவாக இருக்கும்? உங்கள் ஊரில் 'கர' என்றால் எனக்கு முதலில் தோன்றுவது கரடி. கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய வீடுகளுக்குக் கரடி வருவது புதிதல்ல. "கரடி வருது, பயமா இருக்கு" என்று படிக்கலாம். ஆனால் "கரண்ட் வரல, பயமா இருக்கு" என்றும் படிக்கலாம், ஒரு எழுத்துகூட இடிக்காது. இரண்டும் இல்லாமல் பள்ளியில் கேட்ட கதையாகவும் இருக்கலாம். அம்மா வர வேண்டும் என்பதுகூட அந்த 'வர'வுக்குள் இருக்கலாம். உங்களுக்கு வந்த பதற்றம் புரிகிறது. ஆனால் 'பய' என்ற இரண்டு எழுத்தில் அடி, திட்டு, யாரோ ஒருவர் என்று எதுவும் இல்லை. அவையெல்லாம் நீங்கள் சேர்த்தவை.

இதனால்தான் அந்த நீளமான பதில் உதவவில்லை என்று நினைக்கிறேன். ஒன்று, ஒன்றாம் வகுப்புக் குழந்தையால் அவ்வளவையும் படிக்க முடியாது. இன்னொன்று இதைவிட முக்கியம். "யாராவது அடிச்சாங்களா?" என்று கேட்டால் இந்த வயதுக் குழந்தை பல நேரம் "ஆமாம்" என்றே சொல்லிவிடும். பெரியவர்கள் எதிர்பார்ப்பதைக் கொடுத்துவிட்டால் கேள்வி முடிந்துவிடும் என்பது அதற்குத் தெரியும். அல்லது உங்கள் பதற்றத்தைப் பார்த்து வாயை மூடிக்கொள்ளும். இரண்டிலும் நடந்தது வெளியே வராது. உண்மையிலேயே யாராவது அடித்திருந்தாலும் அதைத் தெரிந்துகொள்ள இப்படிக் கேட்கக் கூடாது. ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வியையும் ஒரு பெயரையோ செயலையோ உள்ளே வைத்த கேள்வியையும் தவிர்த்துவிட்டு, "என்ன நடந்துச்சு, சொல்லு" என்பதோடு நிறுத்த வேண்டும்.

சரி, அடுத்த முறை இப்படி வந்தால்? கவலை தரும் சொல் இருந்தால் முதலில் கணவரைக் கூப்பிடுங்கள். அதை நீங்கள் செய்தது சரி. ஆனால் "என்ன ஆச்சு?" என்பதோடு, "அவ எங்க இருக்கா, வீட்டுல கரண்ட் இருக்கா, வெளிய ஏதாவது சத்தம் கேட்டுச்சா?" என்றும் கேளுங்கள். தூங்கிவிட்டாள் என்பது இப்போதைய நிலை. மெசேஜ் அனுப்பிய நேரத்தில் என்ன நடந்தது என்பதுதான் நமக்கு வேண்டும்.

பிறகு அவளுக்கு மூன்று நான்கு சொல்லில் எழுதுங்கள். "பாப்பா எழுதினதைப் படிச்சேன்." இது போதும். மெசேஜ் போய்ச் சேர்ந்தது, படித்தது அம்மாதான் என்று தெரிவதுதான் முதல் தேவை. நீல டிக் எல்லாம் குழந்தைக்கு எட்டாது. புரியாததைப் புரிந்ததாகக் காட்ட வேண்டாம். "ஓ, கரடியா!" என்று நீங்கள் முந்திக்கொண்டால், கரண்ட் போனதற்காகப் பயந்த குழந்தையும் அப்புறம் கரடிக் கதையையே சொல்லும்.

அதற்குப் பின்னால் ஒரு வாய்ஸ் மெசேஜ். "கர-ன்னு போட்டிருந்தியே கண்ணு, அது என்னன்னு அம்மாவுக்குச் சொல்லு." பத்து விநாடிக்குள் முடியட்டும். அவளும் வாய்ஸிலேயே பதில் சொல்லட்டும். இங்கே ஒரு சின்னச் சிக்கல் உண்டு. மைக்கை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும் என்பது சின்னக் கைகளுக்கு நினைவிருக்காது. பேச்சு நடுவிலேயே விரலை எடுத்துவிடுவார்கள், பாதி வந்து நிற்கும். விரல் இடது பக்கம் நழுவினால் பதிவே அழிந்துவிடும். மைக்கை அழுத்தியபடி மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும், பிறகு கையை எடுத்துவிட்டுப் பேசலாம் என்று லீவில் போகும்போது அவளிடம் ஒருமுறை செய்து காட்டுங்கள்.

இப்போது அவள் "கரடி வந்துச்சு, பாட்டி கதவைச் சாத்திட்டாங்க" என்று சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். "கரடியெல்லாம் வராது" என்று சொல்லாதீர்கள். வரும் என்பது அவளுக்குத் தெரியும், நீங்கள்தான் நம்ப முடியாதவராக ஆகிவிடுவீர்கள். "கரடி வந்தா பயமாத்தான் இருக்கும். பாட்டி கதவைச் சாத்தினாங்களே, சரியாச் செஞ்சாங்க. பின் கதவும் சாத்தியிருக்கான்னு அப்பாகிட்ட கேட்டு எனக்குச் சொல்றியா?" என்று கேளுங்கள். பயந்த குழந்தைக்குக் கையில் ஒரு சின்ன வேலை கொடுத்தால் உடம்பு தளரும். அதோடு அப்பாவிடம் போய்ப் பேசவும் ஒரு காரணம் கிடைக்கும்.

எழுத்துப் பிழையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவள் சொல்லி முடித்த பிறகு, அவள் எழுத நினைத்ததையே நீங்கள் முழுதாக எழுதி அனுப்புங்கள்: "அம்மா, கரடி வருது. பயமா இருக்கு." அவ்வளவுதான். 'அமமா இல்ல, அம்மா' என்று தனியாகத் திருத்த வேண்டாம். தன் சொற்கள் முழுசாக எப்படி இருக்கும் என்பதை அவளே பார்த்துக்கொள்வாள். அடுத்த வாரமே புள்ளி வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். 'கர' என்பது 'கரடி' என்று நீண்டாலே முன்னேற்றம்தான்.

அவள் எழுதுவதை நிறுத்தியதற்கு உங்கள் பதிலைவிட அந்த ஸ்டேட்டஸ்தான் பெரிய காரணமாக எனக்குத் தெரிகிறது. உங்களுக்கு மட்டும் என்று எழுதியதை ஊரே படித்துச் சிரித்திருக்கிறது. உங்கள் கணவர் ஆசையில்தான் வைத்திருப்பார், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் குழந்தைக்கு அந்தச் சிரிப்புதான் நினைவில் நிற்கும். சண்டை போடாமல் அவரிடம் விஷயத்தைச் சொல்லுங்கள். ஸ்டேட்டஸ் ஒரு நாளில் தானாகப் போயிருக்கும், ஆனால் ஸ்கிரீன்ஷாட் யாரிடமாவது இருக்கும். சித்தி, அத்தை யாரும் அதை எடுத்து இனி கிண்டல் பண்ண வேண்டாம் என்று அவரே சொல்லிவிடட்டும். அவளிடம், "நீ அம்மாவுக்கு எழுதுறதை இனி யாருக்கும் காட்ட மாட்டேன்" என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னால் அதற்கு அந்த எடை இல்லை.

நைட் டியூட்டியில் உடனே பதில் போட முடியாது. அந்த நேரத்தில் உங்கள் பெயரில் அவரே பதில் தட்டிவிடுவது எளிது, ஆனால் அது வேண்டாம். குழந்தைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். "அம்மா வேலையில இருக்கா. நீ பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது படிச்சிட்டுப் பேசுவா" என்று உண்மையைச் சொல்லட்டும். 'ஏழு மணிக்கு' என்பதைவிட 'பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது' என்பது அந்த வயதுக்குப் பிடிபடும். சொன்ன நேரத்தில் நீங்கள் பேசிவிட வேண்டும், ஷிப்ட் மாற்றிவிட்டு வரும் அவசரத்திலும்.

'பய' மட்டும் திரும்பத் திரும்ப வந்தால், படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் விட்டுப்போய் மறுபடி தொடங்கினால், குறிப்பிட்ட ஒருவரிடமோ ஓர் இடத்துக்கோ போக மறுத்து அழுதால், அதை மெசேஜில் விசாரிக்காதீர்கள். லீவு போட்டு நேரில் போங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன நடந்துச்சு?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அவள் சொல்வதை அவள் சொற்களிலேயே எழுதி வையுங்கள். யாராவது தீங்கு செய்ததாகத் தெரிந்தால் 1098 குழந்தைகள் உதவி எண்ணைக் கூப்பிடலாம், இரவு பகல் எந்நேரமும். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

போன் கொடுப்பதா வேண்டாமா என்பதில் நான் உங்கள் கணவர் பக்கம் இல்லை. வாரம் முழுக்க அம்மா இல்லாத வீட்டில் அது அவளுக்கு ஒரு வழி. ஆனால் அதே போனில் பணம் அனுப்பும் ஆப்பும் இருக்கும், அலுவலக குரூப்பும் இருக்கும், அவர் பயம் நியாயமானது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பாட்டி பக்கத்தில் இருக்கும்போது கொஞ்ச நேரம் கொடுக்கலாம். வாட்ஸ்அப்பில் உங்கள் சாட் எப்போதும் மேலேயே நிற்கும்படி பின் செய்து, உங்கள் எண்ணுக்கு உங்கள் முகம் தெரியும் படத்தை வைக்கச் சொல்லுங்கள். ஆண்ட்ராய்டு போனாக இருந்தால் செட்டிங்ஸில் ஒரே ஆப்பை விட்டு வெளியே போக முடியாமல் பூட்டும் வசதி பெரும்பாலும் இருக்கும். அதைப் போட்டுவிட்டுக் கொடுத்தால் பணம் அனுப்பும் ஆப் பக்கம் அவள் விரல் போகாது. குரூப்புகள் மட்டும் அதே வாட்ஸ்அப்புக்குள் இருப்பதால், எந்தச் சாட்டில் தட்டுகிறாள் என்று பாட்டி ஒரு பார்வை பார்த்துக்கொண்டால் போதும்.